கிலோவில் தெரியாத பற்றாக்குறை

அருப்புக்கோட்டையில் நடந்த பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்

ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்கலாம். இந்த ஊர்ப் பக்கத்தில் ஒரு நூற்பு மில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 24,000 கதிர்கள், மூன்று ஷிப்ட். செப்டம்பரில் 272 டன் நூல் நூற்கிறது. அக்டோபருக்கு விற்பனைப் பிரிவு கேட்பது 260 டன்தான். பன்னிரண்டு டன் குறைவு. ஆனாலும் அந்த 260 டன்னை மில்லால் கொடுக்க முடியாது. இயந்திரம் எதுவும் பழுதாகவில்லை, மின்சாரமும் நிற்கவில்லை. பிறகு ஏன் முடியாது என்பதைக் கண்டுபிடிக்கவும், கண்டுபிடித்தபின் என்ன செய்வதென்று முடிவெடுக்கவும்தான் விற்பனை–உற்பத்தித் திட்டக் கூட்டம் என்ற ஒன்று தேவைப்படுகிறது. மேலாண்மைப் படிப்பில் இதை எஸ் அண்ட் ஓ.பி. என்று சுருக்கிச் சொல்வார்கள்.

இந்த மில்லின் எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. ஆனால் இப்படிப்பட்ட மில்லை அருப்புக்கோட்டையிலும் இராஜபாளையத்திலும் பார்க்காதவர் இந்த அவையில் இருக்க மாட்டார்கள்.

மானாவாரி மண்ணில் நிற்கும் மில் இது என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி வரை கரிசலும் செவலும் கலந்த பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, மல்லி, மிளகாய் விதைக்கிற நிலம். கருங்கண்ணிப் பருத்திக்குப் பேர்போன சீமையின் ஒரு பகுதி. கோவில்பட்டியில் 1901-இலேயே ஆராய்ச்சி நிலையம் வந்ததற்கும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருப்பதற்கும் இந்த மண்தான் காரணம். ஆனால் கருங்கண்ணி குட்டை இழை. இன்றைய மில்கள் நூற்கிற 30, 40, 60-ஆம் நம்பர் நூலுக்கு அது போதாது. அதனால் பருத்திக்காட்டின் நடுவே நிற்கிற மில்லுக்குக் குஜராத்திலிருந்து சங்கர்-6 லாரியில் வருகிறது. தமிழ்நாட்டு மில்களுக்குத் தேவையான பஞ்சில் மிகச் சிறிய பங்குதான் தமிழ்நாட்டில் விளைகிறது. நூலை வாங்குகிறவரோ திருப்பூரில் பின்னலாடைக்காரர், உள்ளூரில் விசைத்தறிக்காரர், கைத்தறிச் சேலைக்காரர். சரக்கு வருவது ஒரு திசை, போவது வேறு திசை, நூற்கிற கைகள் சுற்றுக் கிராமங்களிலிருந்து வருபவை. இந்த மூன்றும் ஒரே மாதத்தில் பொருந்த வேண்டும்.

முதலில், கிலோ ஏன் ஏமாற்றுகிறது என்று பார்ப்போம்.

ரிங் பிரேமில் ஒரு கதிர் நிமிடத்துக்குப் பதினாறாயிரம், பதினெட்டாயிரம் சுற்று சுற்றுகிறது. அந்தச் சுற்று நூலுக்கு முறுக்காக ஏறுகிறது. நூல் சன்னமாக ஆக, ஓர் அங்குலத்துக்கு ஏற்ற வேண்டிய முறுக்கு கூடுகிறது. சுற்று வேகம் ஏறக்குறைய அதேதான் என்பதால், முறுக்கு கூடினால் வெளியே வரும் நீளம் குறைகிறது. அத்தோடு, சன்னமான நூலில் அதே நீளத்தின் எடையும் குறைவு. ஆக, நீளத்திலும் குறைகிறது, எடையிலும் குறைகிறது. பனியன் துணிக்குப் போகும் 30-ஆம் நம்பரில் ஒரு கதிர் ஒரு ஷிப்டில் சுமார் 180 கிராம் கொடுத்தால், 40-ஆம் நம்பரில் 115 கிராம், 60-ஆம் நம்பரில் 65 கிராம் அளவுதான் கொடுக்கும். நம்பர் இரட்டித்தால் உற்பத்தி பாதியாகும் என்று வெளியில் இருப்பவர் நினைப்பார். உண்மையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இறங்கிவிடுகிறது. முறுக்கு, வேகம், பஞ்சு இவற்றைப் பொறுத்து ஒவ்வொரு மில்லிலும் இந்த எண்கள் கொஞ்சம் மாறும். அவற்றுக்கு இடையிலான விகிதம் அவ்வளவாக மாறாது.

நூற்பாலைக்காரர்களுக்கு இது புதிதல்ல. பல நம்பர் நூற்கிற மில்களை ஒப்பிடும்போது எல்லா உற்பத்தியையும் 40-ஆம் நம்பருக்கு மாற்றிப் பார்ப்பது வழக்கம். 1956-இல் கோவையில் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா மில்களைப் பல ஆண்டுகளாக ஒப்பிட்டு வருவதும் இந்த வகையில்தான். விந்தை என்னவென்றால், உற்பத்தி அறிக்கையில் தவறாமல் செய்யப்படும் இந்த மாற்றம், விற்பனைத் திட்டம் போடும் மேசைக்குப் பெரும்பாலும் வருவதே இல்லை. விற்பனைக்காரர் ஐம்பது கிலோ மூட்டையில் பேசுகிறார். உற்பத்தி மேலாளர் டன்னில் பேசுகிறார். பஞ்சு வாங்குகிறவர் 356 கிலோ கண்டியிலும் 170 கிலோ பேலிலும் பேசுகிறார். கணக்குப் பிரிவு ரூபாயில் பேசுகிறது. நான்கு பேரும் உண்மையே சொன்னாலும் நால்வரின் எண்ணும் ஒன்றோடொன்று சேராது.

இப்போது நம் மில்லின் செப்டம்பரைக் கதிர்-ஷிப்ட் என்ற ஒரே அளவுக்கு மாற்றிப் பார்க்கலாம். ஒரு கதிர் ஒரு ஷிப்ட் ஓடினால் அது ஒரு கதிர்-ஷிப்ட். 30-ஆம் நம்பரில் ஒரு டன்னுக்கு சுமார் 5,560 கதிர்-ஷிப்ட் வேண்டும், 40-இல் 8,700, 60-இல் 15,380. செப்டம்பரில் 30-ஆம் நம்பர் 150 டன், 40-ஆம் நம்பர் 100 டன், 60-ஆம் நம்பர் 22 டன் நூற்றார்கள். மொத்தம் 20.4 லட்சம் கதிர்-ஷிப்ட். முப்பது நாளில் 24,000 கதிர் தொண்ணூறு ஷிப்ட் ஓடினால் 21.6 லட்சம் வரும். பராமரிப்பு, ஆள் குறைவு எல்லாம் போக 95 சதவீதம் ஓடியது என்றால் 20.5 லட்சம். செப்டம்பர் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

அக்டோபருக்கு விற்பனை கேட்டது 30-இல் 110 டன், 40-இல் 110 டன், 60-இல் 40 டன். திருப்பூர் ஆர்டர் சற்று மந்தம், சேலை நெய்கிறவர்கள் சன்ன நூல் கேட்கிறார்கள். கிலோவில் பார்த்தால் இலகுவான மாதம். கதிர்-ஷிப்டில் கூட்டினால் 21.8 லட்சம். பற்றாக்குறை ஆரம்பத்திலேயே ஒரு லட்சத்து முப்பதாயிரம்.

இங்கே திருச்சுழிச் சீமை கணக்குக்குள் வருகிறது. புரட்டாசி, ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் விதைப்பு. மில் பஸ்ஸில் காலையில் வந்து இறங்குகிற பெண்கள் பலருக்கு ஊரில் இரண்டு குறுக்கம், மூன்று குறுக்கம் நிலம் உண்டு. ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். மழை மில்லின் ஷிப்டுக்காகக் காத்திருக்காது. அதே மாதத்தில் தீபாவளி வந்தால், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்கிறவர்கள் ஊருக்குப் போகிறார்கள். பீகார்க்காரர்கள் சட் பூஜையும் முடித்துத்தான் திரும்புவார்கள். சைடு பார்க்க ஆள் இல்லாவிட்டால் பிரேம் நிற்கும். இதை மில் நிர்வாகிகள் வருகைக் குறைவு என்று எழுதிவைத்து, ஒவ்வோர் ஆண்டும் எதிர்பாராத சம்பவம் போலப் பேசுகிறார்கள். ஆண்டுதோறும் அதே மாதத்தில் வருவதை எதிர்பாராதது என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. கடந்த ஐந்து அக்டோபர்களின் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தாலே எத்தனை சதவீதம் குறையும் என்று தெரிந்துவிடும். நம் மில்லில் அது 95-இலிருந்து 91-க்கு இறங்கும் என்று வைப்போம். விடுமுறை போக முப்பது நாள் ஓடினாலும் கிடைப்பது 19.66 லட்சம்தான். தேவை 21.83 லட்சம். குறைவு 2.17 லட்சம் கதிர்-ஷிப்ட், அதாவது ஏறக்குறைய மூன்று நாள் முழு மில்லின் ஓட்டம்.

இந்தக் குறைவு எப்போது தெரியவந்தது என்பதுதான் அடுத்த கேள்வி. அக்டோபர் 20-ஆம் தேதி தெரியவந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. எந்த வாடிக்கையாளர் அதிகமாகச் சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் நூல் போகும், அவ்வளவுதான். ஆகஸ்டிலேயே தெரிந்தால் கையில் நாலைந்து வழிகள் இருக்கும். கூட்டத்தின் பயனே இந்த இரண்டு மாத இடைவெளியில்தான் இருக்கிறது.

1980-களில் அமெரிக்காவில் ஆலிவர் வைட் நிறுவனத்தோடு இயங்கிய டிக் லிங் என்பவர் இந்தக் கூட்ட முறைக்கு ஒரு வடிவம் கொடுத்தார். இன்று பெரிய நிறுவனங்கள் நடத்துவது அதன் வழிவந்த மாத ஒழுங்குதான். மாதத் தொடக்கத்தில் போன மாதத்தின் உண்மை எண்களைத் திரட்டுவார்கள். பிறகு விற்பனைப் பிரிவு தேவையை மட்டும் பேசும். உற்பத்தியால் முடியுமா என்ற பேச்சு அங்கே கிடையாது. அடுத்து உற்பத்தியும் கொள்முதலும் உட்கார்ந்து, அந்தத் தேவைக்கு இயந்திரமும் ஆளும் பஞ்சும் போதுமா என்று பார்ப்பார்கள். அதற்குப் பிறகு எல்லாப் பிரிவுத் தலைவர்களும் கூடி முட்டுகிற இடங்களைத் தீர்ப்பார்கள். தீராதவற்றை, ஒவ்வொரு வழிக்கும் எவ்வளவு லாபம், எவ்வளவு நட்டம் என்ற கணக்கோடு முதலாளி முன் வைப்பார்கள். கடைசிக் கூட்டத்தில் முதலாளி முடிவு சொல்வார். பேச்சின் பார்வை அடுத்த வாரத்தின் மேல் இருக்காது, மூன்றாம் மாதத்திலிருந்து ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரை இருக்கும். அடுத்த வாரம் எந்த பிரேமில் எந்த நம்பர் என்பது ஸ்பின்னிங் மாஸ்டரின் வேலை. அதைக் கொண்டுவந்து இந்தக் கூட்டத்தில் போட்டால் இரண்டு மணி நேரமும் அதிலேயே போய்விடும்.

நம் மில்லின் ஆகஸ்ட் கூட்டத்தில் என்ன நடக்கும் என்று பின்தொடர்வோம்.

2.17 லட்சம் கதிர்-ஷிப்டை எங்கிருந்து வெட்டுவது? அறையில் முதலில் எழும் குரல், 60-ஆம் நம்பரைத் தொடாதீர்கள் என்பது. கிலோவுக்கு அதிக லாபம் தருவது அதுதான். பஞ்சு விலையும் நேரடிச் செலவும் போக 30-ஆம் நம்பரில் கிலோவுக்கு 45 ரூபாய், 40-இல் 62, 60-இல் 120 மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். பஞ்சு விலை மாறினால் இவையும் மாறும். 120 எங்கே, 45 எங்கே என்று தோன்றும். ஆனால் மில்லில் பற்றாக்குறையாக இருப்பது கதிர். ஒரு கதிர்-ஷிப்டில் 30-ஆம் நம்பர் 180 கிராம் வருகிறது, அதன் மிச்சம் 8 ரூபாய் 10 காசு. 60-இல் 65 கிராம்தான், மிச்சம் 7 ரூபாய் 80 காசு. 40-இல் 115 கிராம், மிச்சம் 7 ரூபாய் 13 காசு. மட்டமாக எல்லோரும் நினைத்த பனியன் நூல்தான் கதிருக்கு அதிகம் சம்பாதிக்கிறது. நடுவில் இருந்த 40-ஆம் நம்பர் கடைசிக்குப் போய்விட்டது. இந்தக் கணக்கு மேசையில் இல்லாத கூட்டத்தில் யார் குரல் உரத்ததோ அவர் ஜெயிப்பார்.

ஆக வெட்டு 40-ஆம் நம்பரில் விழ வேண்டும். 2.17 லட்சத்தை 8,700-ஆல் வகுத்தால் 25 டன். ஆனால் 40-ஆம் நம்பர் வாங்குகிறவர்கள் யார்? உள்ளூர் விசைத்தறிக்காரர்கள். மந்தமான மாதங்களிலும் பிரியாமல் வாங்கியவர்கள். தறியில் பாவு ஏற்றிவைத்துவிட்டு ஊடைக்கு நூல் இல்லாமல் நின்றால் அவர்களுக்கு அந்த வாரக் கூலியே போகும். லாபக் கணக்கு காட்டுகிற திசையில் கண்ணை மூடிக்கொண்டு போக முடியாது. 25 டன்னை அவர்கள் தலையில் இறக்காமல் எப்படிச் சமாளிப்பது என்பதற்குத்தான் இரண்டு மாத அவகாசம் உதவுகிறது.

முதல் இடம், கிடங்கு. 40-ஆம் நம்பர் நூல் 18 டன் இருப்பில் இருக்கிறது. இருக்க வேண்டியது எவ்வளவு? பல மில்களில் எல்லா நம்பருக்கும் பத்து நாள் இருப்பு, பதினைந்து நாள் இருப்பு என்று ஒரே விதி வைத்திருப்பார்கள். அது பிழை. 40-ஆம் நம்பர் மாதம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்று தீர்ந்தால் நாளை வரும். அதற்கு இரண்டு நாள் விற்பனை அளவு, 8 டன் இருந்தால் போதும். 60-ஆம் நம்பரோ மாதத்தில் ஒன்றிரண்டு தடவைதான் ஓட்டப்படும், ஏனென்றால் நம்பர் மாற்றும்போது பல்சக்கரம், டிராவலர், ரோவிங் எல்லாம் மாற்றி, பிரேமை நிறுத்திச் சரிபார்த்து ஓட்ட வேண்டும். ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் இடையே விற்கிற அளவு கையில் இருந்தாக வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை நூற்கிறோம், தேவைக் கணிப்பு எவ்வளவு பிசகுகிறது என்ற இரண்டும்தான் இருப்பு இலக்கைத் தீர்மானிக்கின்றன. அப்படிப் பார்த்தால் 40-ஆம் நம்பரில் 10 டன் உபரி. அதை எடுத்துக்கொள்ளலாம். மீதம் 15 டன்.

இரண்டாவது இடம், விற்பனைப் பிரிவின் 110 டன். கடந்த ஆறு மாதத்தில் 40-ஆம் நம்பருக்கு அவர்கள் சொன்னதையும் உண்மையில் விற்றதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், ஒவ்வொரு மாதமும் பத்து சதவீதம் போலக் கூடுதலாகவே சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாதம் கூட, ஒரு மாதம் குறைய என்றிருந்தால் அது சந்தையின் இயல்பு. எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் அது பழக்கம். குறைத்துச் சொன்னால் உற்பத்தி இன்னும் குறைத்துக் கொடுக்கும் என்ற பயத்தில் விற்பனைக்காரர் கூட்டிச் சொல்கிறார். அவர் கூட்டித்தான் சொல்வார் என்று தெரிந்து உற்பத்தி மேலாளர் தன் திறனில் கொஞ்சத்தை ஒளித்துவைக்கிறார். இருவரும் கெட்டவர்கள் அல்லர். அவரவர் பிரிவைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். ஆனால் இரண்டு பொய்யான எண்களின் நடுவே பஞ்சு வாங்குகிறவர் உண்மையான பணத்தைப் போடுகிறார்.

இந்தச் சாய்வு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் சிஸ்கோ. இணையத் தொழில் கொடிகட்டிப் பறந்த காலத்தில், சரக்குத் தட்டுப்பாட்டுக்குப் பயந்து வாடிக்கையாளர்கள் ஒரே தேவைக்கு இரண்டு மூன்று இடத்தில் ஆர்டர் கொடுத்தார்கள். அதையெல்லாம் உண்மைத் தேவையாக எண்ணி உதிரிப் பாகங்களை வாங்கிக் குவித்த அந்த நிறுவனம், 2001-இல் இரண்டு பில்லியன் டாலருக்கும் அதிக மதிப்புள்ள இருப்பைக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டி வந்தது. நம் ஊரில் ஒரு தறிக்காரர் மூன்று மில்லில் நூல் சொல்லிவைப்பதும் அதே செயல்தான்.

கூட்டத்தில் சாய்வைக் காட்டும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். அதை விற்பனை மேலாளரைத் தண்டிக்கப் பயன்படுத்தினால் அடுத்த மாதம் அவர் குறைத்துச் சொல்லத் தொடங்குவார். சாய்வு திசை மாறும், தீராது. கணிப்பைத் திருத்தப் பயன்படுத்தினால் போதும். 110 என்பதை 100 என்று எல்லோர் முன்னிலையிலும், அவர் சம்மதத்தோடு எழுதிக்கொள்வது. மீதம் 5 டன்.

மூன்றாவது இடம், வேறு மில். பஞ்சைக் கொடுத்துக் கூலிக்கு நூற்று வாங்குவது இந்தப் பகுதியில் சாதாரணம். அக்டோபர் நடுவில் தேடினால் கூலி ஏறியிருக்கும், தரத்தையும் பார்த்து வாங்க நேரமிருக்காது. ஆகஸ்டில் பேசினால் 5 டன்னுக்குக் கதிர் காலியாக உள்ள மில் கிடைக்கும், அங்கு நூற்ற கோனை நம் ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்தும் விடலாம். இதற்குக் கிலோவுக்கு எவ்வளவு கூடுதல் செலவாகும் என்று கணக்குப் பிரிவு சொல்கிறது. முதலாளி சம்மதிக்கிறார், அல்லது அந்த 5 டன்னை எந்தெந்த வாடிக்கையாளருக்கு நவம்பர் முதல் வாரத்துக்குத் தள்ளலாம் என்று கேட்கிறார். எதுவானாலும் பெயர், அளவு, தேதியோடு எழுதிக்கொள்ளப்படுகிறது.

இனி பஞ்சு. மில் உள்ளே நூற்க வேண்டியது 235 டன். நூறு கிலோ பஞ்சில் கழிவு போகச் சராசரியாக 80 கிலோ நூல் வரும் என்றால், தேவை சுமார் 294 டன், ஏறக்குறைய 825 கண்டி. இந்த மொத்த எண் மட்டும் கொள்முதல் மேலாளர் கைக்குப் போனால் பெரிய ஆபத்து ஒன்று அதற்குள் மறைந்திருக்கும். 60-ஆம் நம்பர் 22-இலிருந்து 40 டன்னாகக் கூடியிருக்கிறது. அதைச் சங்கர்-6 கொண்டு நல்ல தரத்தில் நூற்பது கடினம்; நீண்ட இழைப் பஞ்சு வேண்டும், கோம்பரில் போட்டுச் சீவும்போது கழிவும் அதிகம். கூடுதல் 18 டன் நூலுக்கு 25 டன் நீண்ட இழைப் பஞ்சு, சுமார் 147 பேல், தனியாக வர வேண்டும். அதுவும் வெளிமாநிலத்திலிருந்துதான். மாதிரி எடுத்து, இழை நீளமும் வலுவும் சோதித்து, விலை பேசி, லாரி வந்து சேர்ந்து, மிக்சிங்கில் ஏறுவதற்கு ஒரு மாதம் ஆகிவிடும். அதற்கு மேல், அக்டோபர் என்பது புதுப் பஞ்சுப் பருவத்தின் முதல் மாதம். பழைய பருவத்தின் நல்ல சரக்கு தீர்ந்திருக்கும், புதியது ஈரத்தோடு வரத் தொடங்கியிருக்கும். கிடங்கில் பஞ்சு நிறைய இருந்தும் தேவையான பஞ்சு இல்லாமல் பிரேம் நிற்பது இப்படித்தான். கிடைத்ததைப் போட்டு மிக்சிங்கைத் திடீரென மாற்றினால் அது திருப்பூரில் சாயம் ஏற்றிய துணியில் பட்டை பட்டையாகத் தெரியும். நூல் விற்று இரண்டு மாதம் கழித்துப் புகார் வரும்.

எத்தனை நாள் பஞ்சு கையில் வைப்பது என்பது இந்தத் தொழிலில் மிகக் கனமான முடிவு. 2022 மே மாதத்தை இந்த அவையில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். கண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை ஏற்றத்தை எதிர்த்துத் திருப்பூர் மே 16, 17 இரண்டு நாளும் அடைத்துப் போராடியது. மத்திய அரசு அதற்கு முந்தைய மாதமே பஞ்சு இறக்குமதி வரியை நீக்கியிருந்தும் விலை உடனே இறங்கவில்லை. பிறகு இறங்கத் தொடங்கி, அடுத்த ஆண்டின் நடுவில் அறுபதாயிரத்துக்கும் கீழே வந்தது. நம் மில் மாதம் 825 கண்டி வீதம் மூன்று மாதச் சரக்கை உச்ச விலையில் வாங்கிவைத்திருந்தால், கண்டிக்கு நாற்பதாயிரம் இறங்கினால் நட்டம் பத்துக் கோடியை ஒட்டி வரும். அதே மூன்று மாதச் சரக்கை 2021-இன் தொடக்கத்தில் வாங்கியிருந்தால் அவ்வளவும் லாபம்.

இதைச் சொன்னவுடன், அப்படியானால் விலையைக் கணிப்பதுதானே முக்கியம் என்று கேட்பார்கள். இந்தக் கூட்டத்தால் பஞ்சு விலையைக் கணிக்க முடியாது. அந்த ஆசையோடு நடத்தவும் கூடாது. அதனால் செய்ய முடிந்தது வேறு. மில் தடையின்றி ஓட எத்தனை நாள் சரக்கு வேண்டும் என்பதை ஒரு எண்ணாகவும், விலை ஏறும் என்ற நம்பிக்கையில் அதற்கு மேல் வாங்குவதை இன்னொரு எண்ணாகவும் தனித்தனியே எழுத வைக்கலாம். முதலாவது திட்டம், இரண்டாவது பந்தயம். இரண்டும் ஒரே குவியலாகக் கிடங்கில் கிடக்கும்போது யாருக்கும் பொறுப்பு இல்லை. பிரித்து எழுதினால், வங்கிக் கடன் வரம்பில் எவ்வளவு பந்தயத்துக்குப் போயிருக்கிறது என்று முதலாளிக்கு மாதாமாதம் தெரியும். 2022-இல் அடிபட்ட பல மில்களுக்கு அந்தப் பிரிப்பு இருந்திருந்தால் விலைச் சரிவு நின்றிருக்காது, ஆனால் அடி எவ்வளவு ஆழம் என்பது முன்பே தெரிந்திருக்கும்.

இந்தக் கூட்டம் கெட்டுப்போவதற்கும் சில நிச்சயமான அடையாளங்கள் உண்டு. கூட்டத்தின் பெரும்பகுதி போன மாதம் ஏன் இலக்கு தவறியது என்ற விசாரணையில் போனால் அது திட்டக் கூட்டமாக இல்லை. கிலோ இலக்கு ஒவ்வொரு மாதமும் எட்டப்பட்டும் வாடிக்கையாளர் காத்திருந்தால், மாதக் கடைசியில் யாரோ எடையைக் காட்டுவதற்காகத் தடித்த நூலை ஓட்டுகிறார்கள். உற்பத்தி மேலாளரின் ஊக்கத்தொகை கிலோவில் இருந்தால் அது நடக்காமல் இருப்பதுதான் அதிசயம். நிலுவை ஆர்டரும் கிடங்கு இருப்பும் சேர்ந்து உயர்ந்தால், நூற்றது ஒன்று, கேட்டது வேறொன்று. அறுபது நாளைத் தாண்டிய கோன்களை நம்பர் வாரியாக ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தால் அது உடனே வெளிப்படும்.

எல்லாவற்றிலும் கொடியது, கூட்டத்தில் எடுத்த முடிவை மறுநாள் ஒரு தொலைபேசியில் மாற்றுவது. பழகிய வாடிக்கையாளர் முதலாளியை நேரடியாகக் கூப்பிடுகிறார், முதலாளி ஸ்பின்னிங் மாஸ்டரைக் கூப்பிடுகிறார், இரண்டு பிரேமில் நம்பர் மாறுகிறது. குடும்பம் நடத்துகிற மில்களில் இது அன்பின் பேரில், முகத்தாட்சண்யத்தின் பேரில் நடக்கிறது. ஆனால் இரண்டு முறை அப்படி நடந்தால் மூன்றாவது கூட்டத்துக்குப் பிரிவுத் தலைவர்கள் உதவியாளரை அனுப்பிவிடுவார்கள். முதலாளிக்கு மாற்றும் உரிமை நிச்சயம் உண்டு. மாற்றும்போது எந்த வாடிக்கையாளரின் எத்தனை டன் தள்ளிப்போகிறது என்று அதே தாளில் எழுதச் சொல்கிற பழக்கம் வந்தால், அந்தத் தொலைபேசிகளில் பாதி தானாக நின்றுவிடும்.

இந்த மேசையில் இல்லாதவர்களைப் பற்றியும் பேச வேண்டும். அருப்புக்கோட்டைத் தறிக்காரர்களிடம் அடுத்த மூன்று மாதத்துக்கு என்ன நெய்யப்போகிறீர்கள் என்று மில் கேட்பதே அரிது. ஏஜென்ட் சொல்வதைத்தான் கேட்கிறது. ஏஜென்ட் விலையைச் சொல்வார், தறியைச் சொல்ல மாட்டார். 1983-இலிருந்து நடந்துவரும் பொங்கல் வேட்டி சேலைத் திட்டம் போன்ற அரசு ஆர்டர் எந்த மாதத்தில் தமிழ்நாட்டுத் தறிகளைப் பிடிக்கிறது, எந்த மாதத்தில் விடுகிறது என்பதைத் தறி வைத்திருப்பவரே சரியாகச் சொல்வார். பத்துப் பதினைந்து தறிக்காரர்களிடம் மாதம் ஒருமுறை நேரில் போய்க் கேட்டு எழுதிவந்த தாள், விற்பனை அலுவலகத்தில் உட்கார்ந்து போன ஆண்டு எண்ணோடு ஐந்து சதவீதம் கூட்டியதைவிடப் பல மடங்கு பெறும். சைடு பார்க்கிற பெண்களிடமும் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்கலாம். ஊரில் என்ன விதைக்கப்போகிறீர்கள் என்று ஆவணியில் கேட்டால், ஐப்பசியில் எத்தனை பேர் வரமாட்டார்கள், மக்காச்சோளம் ஒடிக்கிற தை, மாசியில் எத்தனை பேர், மிளகாய் பறிக்கிற பங்குனியில் எத்தனை பேர் என்று ஓரளவு தெரிந்துவிடும். அப்படிக் கேட்டு, விதைப்புக்குப் போகிறவர்களுக்கு முறை வைத்து விடுப்புக் கொடுத்தால், 91 சதவீதம் என்பது 93 ஆகலாம். நம் மில்லில் அந்த இரண்டு சதவீதம் 43,200 கதிர்-ஷிப்ட். 40-ஆம் நம்பரில் அது ஏறக்குறைய 5 டன் நூல். வெளி மில்லுக்குக் கூலி கொடுத்து வாங்கத் திட்டமிட்ட அதே அளவு.